'சரி' என்று அனுப்பினால் போதும்: வாடிக்கையாளரிடம் கருத்து கேட்கும் முறை

[திரையில்: மழையில் நனையும் மொட்டை மாடி]

வணக்கம். வேலை பிடித்துப்போன வாடிக்கையாளரிடம் "நல்லதா ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டால், "கண்டிப்பா தம்பி" என்பார். அதற்கப்புறம் ஒன்றும் வராது. அவருக்கு மனமில்லாமல் இல்லை. எதை எழுதுவது, எவ்வளவு எழுதுவது, எங்கே போடப் போகிறீர்கள், எதுவுமே அவருக்குத் தெரியாது. போனில் தமிழில் தட்டச்சு செய்வதும் பலருக்குச் சிரமம். அந்த வேலையை அவர் தலையில் வைக்காமல் எப்படிக் கேட்பது என்று ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்யும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் ஆகஸ்டில் வேலையை முடித்தார். மாடியில் தண்ணீர் கட்டி நிறுத்திக் காட்டி, பணமும் வாங்கிவிட்டார். கருத்து கேட்க இதுதான் நேரமா?

இல்லை. ஒழுகாது என்று ஆசிரியர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. நம் பக்கம் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். அவர் மனம் நிறைவது முதல் கனமழைக்கு மறுநாள் காலையில். உங்கள் தொழில் எதுவானாலும், வேலை முடிந்த நாளை விட்டுவிடுங்கள், பலன் தெரிந்த நாளைப் பிடியுங்கள்.

[திரையில்: வாட்ஸ்அப் உரையாடல்]

அந்தக் காலையில் ஆசிரியரே அனுப்புகிறார்: "தம்பி, ராத்திரி முழுக்க மழை. மாடிப்படி சுவத்துல ஒரு சொட்டு ஈரம் இல்ல."

கருத்து வந்தாயிற்று. இனி அனுமதி மட்டும் வாங்கினால் போதும். ஆனால் இந்த வரியைத் தனியாகப் படிக்கும் புது ஆளுக்கு, முன்பு என்ன பிரச்சினை இருந்தது என்று புரியாது. அதற்குத்தான் முதல் நாள் வீடு பார்க்கப் போகும்போதே வாடிக்கையாளர் சொல்லும் புகாரை அவர் வாய்மொழியாகவே நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். நம்மவர் குறித்திருந்தார்: "மூணு வருஷமா மழை வந்தா சுவர் ஊறுது." இரண்டையும் சேர்த்து, அன்றைக்கே பதில் போடுகிறார்.

[திரையில்: செய்தி மெதுவாக விரிகிறது]

"ரொம்ப சந்தோஷம் சார். நீங்க சொன்னதை என் எஸ்டிமேட் தாளுக்குப் பின்னாடி இப்படிப் போட்டுக்கலாமா? 'மூணு வருஷமா மழை வந்தா சுவர் ஊறுது. இப்போ ராத்திரி முழுக்க மழை பெஞ்சும் மாடிப்படி சுவத்துல ஒரு சொட்டு ஈரம் இல்ல.' ஓய்வுபெற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை. பேர் போட மாட்டேன். சரின்னா 'சரி'ன்னு மட்டும் அனுப்புங்க. ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்க. வேண்டாம்னாலும் பரவாயில்ல சார்."

எங்கே போடுவார், எப்படி வரும், பெயர் வருமா, எல்லாமே அதில் இருக்கிறது. ஆசிரியர் யோசிக்க வேண்டிய கேள்வி எதுவும் மிச்சமில்லை. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுக்க வழியிருந்தால்தான் அவர் தரும் சம்மதத்துக்கு மதிப்பு.

ஆசை மிகுதியில் "புதுச்சேரியிலேயே சிறந்த வேலை" என்று நீங்களாக ஒரு வரி சேர்க்காதீர்கள். அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பது தப்பு. படிப்பவருக்கும் அது விளம்பரமாகத்தான் தெரியும். 'மாடிப்படி சுவர்' என்று இடத்தைச் சொல்லும்போதுதான் நம்பிக்கை வருகிறது.

சிலர் "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மழையில அந்த மூலை எப்படி இருந்துச்சு சார்? ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டா போதும்." பேச எல்லோருக்கும் வரும். அதை நீங்கள் எழுதி, அவரிடம் காட்டி, சம்மதம் வாங்குங்கள்.

கூகுள் ரிவ்யூ வேறு கணக்கு. அதை வாடிக்கையாளரே தன் கணக்கிலிருந்து எழுத வேண்டும், நீங்கள் எழுதிப் போடக் கூடாது. உங்கள் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கிடைக்கும் ரிவ்யூ லிங்க்கை அனுப்பினால், அவர் உங்கள் கடை பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள், கூகுள் விதி அதை அனுமதிப்பதில்லை. கருத்துக்கு அனுமதி, கூகுள் ரிவ்யூ இரண்டையும் ஒரே செய்தியில் கேட்கவும் வேண்டாம். முதலில் அந்த 'சரி' வரட்டும்.

பதில் வரவில்லையா? ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை, அதே செய்தியை மேற்கோள் காட்டி, "பாத்தீங்களா சார்?" என்று கேளுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அவர் வார்த்தைகளை அனுமதியில்லாமல் எங்கேயும் போடாதீர்கள்.