விளம்பரத்தில் அலுத்துப்போனது எது? ஒரு சிறு பூட்டிக்கின் ஐந்து வாரக் கணக்கு

திரையில்: கைபேசியில் ஒரு விரல் பதிவுகளை மேலே தள்ளிக்கொண்டே போகிறது. நீல லினன் உடை அணிந்த பெண் திரும்பிப் பார்க்கும் காணொளி வருகிறது. விரல் நிற்காமல் அதைக் கடக்கிறது.

குரல்: ஒரே விளம்பரத்தை ஒரே கூட்டத்தினர் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, அவர்கள் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இதையே விளம்பரச் சோர்வு என்கிறோம். ஆனால் விற்பனை குறைந்த ஒவ்வொரு வாரத்திற்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிட முடியாது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் செய்யும் ஒரு சிறு பூட்டிக்கை எடுத்துக்கொண்டு, சோர்வு இருக்கிறதா, இருந்தால் விளம்பரத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது, அந்தப் பகுதியை மட்டும் எப்படி மாற்றுவது என்பதை இந்தக் காணொளியில் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை. கணக்கிடும் முறையை உங்கள் கணக்கிலும் அப்படியே பயன்படுத்தலாம்.

திரையில்: Ads Manager அட்டவணை. முதல் வாரமும் ஐந்தாம் வாரமும் அருகருகே.

குரல்: பூட்டிக்கின் இலக்குக் கூட்டம் ஏறத்தாழ 40,000 பேர். இலக்கும் செலவும் ஒன்றாக அமைந்த விளம்பரத் தொகுப்பான ஆட் செட் ஒன்றில், ஒரே காணொளி விளம்பரம், வாரந்தோறும் மாறாத ஒரே செலவில் ஓடுகிறது. முதல் வாரத்தில் விளம்பரம் 20,000 முறை காட்டப்பட்டது. 400 க்ளிக்குகள் கிடைத்தன. 8 உடைகள் விற்றன. ஐந்தாம் வாரத்தில் 19,000 முறை காட்டப்பட்டது, 209 க்ளிக்குகள், 4 உடைகள். செலவு அதேதான், விற்பனை பாதி. ஆகவே ஓர் உடையை விற்க ஆகும் விளம்பரச் செலவு இரு மடங்காகிவிட்டது.

இந்த இடத்தில் பலரும் விற்பனை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். எட்டு, நான்கு என்ற அளவிலான எண்களை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. விளம்பரத்தில் ஒரு குறையும் இல்லாத போதும் அவை வாரத்திற்கு வாரம் இவ்வளவு ஏறி இறங்கக்கூடியவை. ஆனால் 400 க்ளிக்குகள் 209 ஆகக் குறைவது தற்செயலாக நேரக்கூடியதன்று. எனவே சிறிய கடையாக இருந்தால், சோர்வை விற்பனையில் தேடாமல் க்ளிக்குகளில் தேடுவதே சரி.

திரையில்: மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி. காட்டும் செலவு, க்ளிக் விகிதம், வாங்கும் விகிதம்.

குரல்: ஒரு விற்பனைக்கான செலவு மூன்று கண்ணிகளால் ஆனது. விளம்பரத்தை ஆயிரம் முறை காட்டுவதற்கு ஆகும் செலவு முதலாவது. காட்டப்பட்ட முறைகளில் எத்தனை சதவீதம் க்ளிக்காக மாறியது என்பது இரண்டாவது. க்ளிக் செய்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது மூன்றாவது. எந்தக் கண்ணி இற்றுப்போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைப் பழுதுபார்ப்பது என்று தெரியும்.

நம் பூட்டிக்கில் அதே செலவுக்கு 20,000 முறைக்குப் பதிலாக 19,000 முறை காட்டப்பட்டிருக்கிறது. அதாவது காட்டும் செலவு சுமார் 5 சதவீதம்தான் கூடியிருக்கிறது. க்ளிக் விகிதமோ 2 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதத்திற்கு இறங்கிவிட்டது. க்ளிக் செய்தவர்களில் வாங்கியவர்கள் முன்பு 2 சதவீதம், இப்போது 1.9 சதவீதம், அங்கே மாற்றம் ஏதும் இல்லை. பழுது நடுக்கண்ணியில் இருக்கிறது.

மற்ற இரண்டு கண்ணிகள் இற்றிருந்தால் கதை வேறு. காட்டும் செலவு மட்டும் ஏறியிருந்தால், பண்டிகைக் காலத்தைப் போல விளம்பரதாரர்கள் பலர் அதே கூட்டத்திற்காகப் போட்டியிடுகிறார்கள் என்று பொருள். புதிய படம் எடுத்து அதைச் சரிசெய்ய முடியாது. க்ளிக் விகிதம் அப்படியே இருக்க, வாங்கும் விகிதம் மட்டும் விழுந்தால், விளம்பரத்தை விட்டுவிட்டுக் கடைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பூட்டிக்குகளில் இதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது அளவுகள் தீர்ந்துபோவதுதான். விளம்பரத்தில் வரும் உடையின் எம், எல் அளவுகள் விற்றுத் தீர்ந்து, எக்ஸ்எஸ் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆசையோடு வந்தவர் அளவைத் தேடிவிட்டுத் திரும்பிவிடுவார். அதைச் சோர்வு என்று எண்ணி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த விளம்பரத்தை நிறுத்திவிட்டுப் புதிய படப்பிடிப்புக்குச் செலவழித்தவர்கள் உண்டு.

திரையில்: Reach, Frequency என்ற இரு நிரல்கள்.

குரல்: நடுக்கண்ணி இற்றதற்குக் காரணம் திரும்பத் திரும்பப் பார்த்ததுதானா என்பதை அடுத்து உறுதிசெய்ய வேண்டும். Frequency என்ற நிரல், ஒருவர் சராசரியாக எத்தனை முறை விளம்பரத்தைப் பார்த்தார் என்பதைக் காட்டுகிறது. முதல் வாரத்தில் 12,500 பேருக்கு 20,000 முறை, அதாவது 1.6, ஐந்தாம் வாரத்தில் சுமார் 6,300 பேருக்கு 19,000 முறை, அதாவது 3. இந்த எண் இவ்வளவைத் தாண்டினால் சோர்வு என்று எல்லாருக்கும் பொருந்தும் கோடு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே கடைப் பக்கத்திற்கு வந்துபோனவர்களுக்குக் காட்டும் ரீடார்கெட்டிங் விளம்பரம் இதைவிட அதிக முறை காட்டப்பட்டும் பலன் தரலாம். மேலும் இது ஒரு சராசரி: மூன்று என்று காட்டும்போதே, ஒரு முறை பார்த்தவர்களும் ஒன்பது முறை பார்த்தவர்களும் அதற்குள் கலந்திருக்கிறார்கள்.

அதனால் நான் அதிகம் நம்புவது இன்னொரு கணக்கை. விளம்பரம் தொடங்கிய நாளிலிருந்து நான்காம் வார இறுதி வரை தேதியைத் தேர்ந்தெடுத்து, விளம்பரம் மொத்தம் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று காட்டும் Reach எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இங்கே 26,000. அதே தொடக்க நாளிலிருந்து ஐந்தாம் வார இறுதி வரை மறுபடி பாருங்கள், 26,700. வித்தியாசம் 700. ஐந்தாம் வாரத்தில் விளம்பரம் சென்றடைந்த 6,300 பேரில் 700 பேர்தான் அதை முதன்முறையாகப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் அனைவரும் முன்பே பார்த்தவர்கள். க்ளிக் விகிதம் இறங்கியிருக்க, புதியவர்களின் எண்ணிக்கையும் இப்படி வற்றியிருந்தால், சோர்வு என்று தயங்காமல் சொல்லலாம்.

விளம்பரத்தின் நிலையைக் காட்டும் நிரலிலேயே சில நேரங்களில் Creative limited அல்லது Creative fatigue என்ற குறிப்பு வரும். உங்கள் பழைய விளம்பரங்களைவிட ஒரு விளைவுக்கான செலவு கூடியிருந்தால் முதலாவதும், இரு மடங்கையோ அதற்கு மேலோ எட்டினால் இரண்டாவதும் தோன்றும். அதை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது குறிப்புக்காகக் காத்திருந்தால், இரு மடங்கு செலவைக் கட்டிய பிறகே செய்தி வந்து சேரும்.

திரையில்: அதே காணொளியின் முதல் மூன்று விநாடிகள், மெதுவாக.

குரல்: இனி, காணொளியில் அலுத்துப்போனது எது என்று பார்ப்போம். 3-second video plays என்ற நிரலைச் சேர்த்துக்கொண்டு, அந்த எண்ணை விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கையால் வகுத்தால், எத்தனை பேர் தொடக்கத்தைத் தாண்டி நின்றார்கள் என்பது தெரியும். முதல் வாரத்தில் 20,000-க்கு 6,000, அதாவது 30 சதவீதம். ஐந்தாம் வாரத்தில் 19,000-க்கு 3,230, அதாவது 17 சதவீதம். ஆனால் அப்படி நின்றவர்களோடு க்ளிக்குகளை ஒப்பிட்டால், முதல் வாரத்தில் நூற்றுக்கு 6.7, ஐந்தாம் வாரத்தில் 6.5. நின்று பார்ப்பவர்கள் முன்போலவே க்ளிக் செய்கிறார்கள், நிற்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். உடை அலுக்கவில்லை, விலையும் அலுக்கவில்லை. அந்தப் பெண் திரும்பிப் பார்க்கும் முதல் காட்சி மட்டும்தான் அலுத்திருக்கிறது.

இது செலவை மிச்சப்படுத்தும் செய்தி. மீதிக் காணொளியை அப்படியே வைத்துக்கொண்டு தொடக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். துணியை இரு விரல்களால் கசக்கி விடுவது, காலர் பொத்தானை அண்மைக் காட்சியில் மாட்டுவது, ஹேங்கரிலிருந்து உடையை உருவி எடுப்பது என்று ஒரே மதியத்தில் நாலைந்து தொடக்கங்களைக் கைபேசியிலேயே எடுத்துவிடலாம். எழுத்தின் நிறத்தையோ பின்னணி இசையையோ மாற்றுவது இதற்கு ஈடாகாது. விரலைத் தள்ளுகிறவர் முதல் சட்டகத்தைப் பார்த்ததுமே பழைய விளம்பரம் என்று அடையாளம் கண்டுகொள்வார். நின்றவர்களின் க்ளிக் விகிதமும் சேர்ந்து விழுந்திருந்தால் மட்டும் வேறு உடை, வேறு சலுகை, வேறு வடிவம் என்று போக வேண்டும்.

திரையில்: ஆட் செட்டுக்குள் பழைய விளம்பரம் நிறுத்தப்பட்டு, புதிய இரண்டு சேர்கின்றன.

குரல்: மாற்றும் முறையிலும் கவனம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தைத் திறந்து, அதற்குள்ளேயே காணொளியை மாற்றாதீர்கள். அதில் சேர்ந்திருந்த விருப்பங்களும் கருத்துகளும் கைவிட்டுப் போகும், பழைய எண்களும் புதிய எண்களும் கலந்துவிடும். அதே ஆட் செட்டில் புதிய விளம்பரங்களைச் சேர்த்து, பழையதை அழிக்காமல் நிறுத்தி மட்டும் வையுங்கள். நிறுத்தாமல் ஓடவிட்டால், பழக்கப்பட்ட விளம்பரத்திற்கே பெரும்பகுதிச் செலவு போய், புதியவை போதிய அளவு காட்டப்படாமலே தோற்றவை போலத் தெரியும்.

புதிய விளம்பரத்தைச் சேர்த்தால், யாருக்குக் காட்டினால் பலன் கிடைக்கும் என்று பழகிக்கொள்ளும் கற்றல் கட்டத்திற்கு ஆட் செட் மீண்டும் போகும் என்ற எச்சரிக்கை உண்மைதான். அந்தக் கட்டத்தைக் கடக்க ஒரு வாரத்தில் சுமார் 50 விளைவுகள் தேவை. வாரத்திற்கு எட்டு உடை விற்கும் கடை, விற்பனையை இலக்காக வைத்திருக்கும் வரை அந்த எண்ணைத் தொடப்போவதே இல்லை. Learning limited என்ற குறிப்போடுதான் அது எப்போதும் ஓடும். ஆகவே அதற்கு அஞ்சிச் சோர்ந்த விளம்பரத்தைத் தொடர வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதற்காக அன்றாடம் கைவைக்கவும் கூடாது. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, இரண்டு விளம்பரங்களைச் சேர்த்தே மாற்றினால்தான் எது எதனால் மாறியது என்று உங்களால் படிக்க முடியும்.

நம் பூட்டிக் ஆறாம் வாரத்தில் இரண்டை இறக்கியது: துணியைக் கசக்கும் தொடக்கம் கொண்ட அதே காணொளி ஒன்று, அதே உடையை மூன்று விதமாக அணிந்து காட்டும், பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் படங்கள் கொண்ட கரோசல் ஒன்று. காணொளி 13,500 முறை காட்டப்பட்டு 243 க்ளிக்குகளும், கரோசல் 6,000 முறை காட்டப்பட்டு 78 க்ளிக்குகளும் பெற்றன. முதலாவது 1.8 சதவீதம், இரண்டாவது 1.3. பழைய 2 சதவீதம் திரும்பவில்லை. ஆனால் 209 ஆக இருந்த க்ளிக்குகள் 321 ஆயின. நிறுத்தி வைத்த பழைய காணொளியைச் சில வாரங்கள் கழித்து, அதே பதிவையே தேர்ந்தெடுத்து மீண்டும் ஓடவிடலாம். பழைய கருத்துகளும் அதனுடனேயே இருக்கும்.

திரையில்: மூன்று கோடுகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குட்டையாக முடிகிறது.

குரல்: இந்தச் சுழற்சிக்கு ஓர் எல்லை உண்டு. முதல் விளம்பரம் ஐந்து வாரம் தாங்கியது, அடுத்தது மூன்று வாரம், அதற்கடுத்தது பத்தே நாள் என்று ஆயுள் சுருங்கிக்கொண்டே வந்தால், அலுத்திருப்பது படமன்று. அந்த 40,000 பேரும் உங்கள் கடையையே போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். அப்போது புதிய தொடக்கம் எடுக்கும் செலவை நிறுத்திவிட்டு, இருப்பிட வட்டத்தையும் வயது வரம்பையும் விரிவாக்குங்கள். அப்படி விரிவாக்கிய கூட்டத்திற்கு முதலில் காட்ட வேண்டியது, நீங்கள் நிறுத்தி வைத்திருக்கும் அந்தப் பழைய நீல உடைக் காணொளியைத்தான். அவர்களில் பெரும்பாலோர் அதை இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள்.