முக்கால் நுரையீரல் நல்லா இருக்கு, அப்புறம் ஏன் ஆக்சிஜன் 90லயே நிக்குது?

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விய மட்டும் எடுத்துக்குவோம். ஐம்பது வயசு ஆள், வேற எந்த நோயும் கிடையாது, இப்போ நிமோனியா. எக்ஸ்ரேல வலது பக்கக் கீழ் மடல் மட்டும் வெள்ளையா இருக்கு. மீதி இடமெல்லாம் கறுப்பு, அதாவது காத்து நல்லா போய் வருது. விரல்ல ஆக்ஸிமீட்டர் மாட்டுனா SpO2, அதாவது ரத்தத்தோட ஆக்சிஜன் நிறைவு, 90 சதவீதம் காட்டுது. மூச்சு நிமிஷத்துக்கு 28. சாதாரணமா 14, 16 இருக்கணும், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வாங்குறாரு. முக்கால் நுரையீரல் நல்லா இருக்கு, மூச்சும் இவ்வளவு வேகமா இழுக்குறாரு. அந்த நம்பர் ஏன் ஏற மாட்டேங்குது?

அதுக்கு முன்னாடி ஒரு குழப்பத்த தீர்த்துடலாம். "நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சு"ன்னு சொல்லுவாங்க இல்லயா, அதுல ரெண்டு வேற வேற விஷயம் கலந்து கிடக்கு. நுரையீரலுக்கு வெளியில, அதைச் சுத்தியிருக்குற உறைக்குள்ள நீர் சேர்றது ஒண்ணு. அதை ஊசி போட்டு எடுக்கலாம். நிமோனியால நிரம்புறது நுரையீரலுக்கு உள்ள இருக்குற காற்றுப்பைகள். ஒவ்வொரு பையும் 0.2 மில்லிமீட்டர் அகலம்தான், மொத்தம் முப்பது கோடிக்கு மேல இருக்கு. எந்த ஊசியும் அங்க போக முடியாது. சில நோயாளிகளுக்கு ரெண்டும் சேர்ந்தே வரும், ஆனா இன்னைக்கு நாம பேசப்போறது இந்தப் பைகளைப் பத்தி மட்டும்.

இந்தப் பையைக் கொஞ்சம் கிட்டப் போய் பாப்போம். சோப்புக் குமிழி மாதிரி மெல்லிசான சுவர், அதுல தந்துகிகள் வலை மாதிரி பின்னியிருக்கு. காத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்குற தடிமன், மெல்லிசான இடத்துல அரை மைக்ரான் கூட இருக்காது. ஒரு சிவப்பணு அந்தத் தந்துகிக்குள்ள முக்கால் செகண்ட் போல இருக்கும். ஆக்சிஜன் ஏறி முடிக்க கால் செகண்ட் போதும். அதாவது நல்ல பைல நேரம் மிச்சமாவே இருக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் தேவைப்படும்.

இப்போ நிமோகாக்கஸ் மாதிரி ஒரு பாக்டீரியா உள்ள போய் பெருக ஆரம்பிக்குது. பைக்குள்ள காவல் இருக்குற மேக்ரோபேஜ் செல்கள் ரசாயன சிக்னல் அனுப்புது. உடனே சுத்தியிருக்குற தந்துகிகளோட சுவர் தளர்ந்து கொடுக்குது. வெள்ளையணுக்கள் வெளிய வந்து சண்டை போடணும்ங்கிறதுக்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனா அந்த இடைவெளி வழியா புரதம் நிறைஞ்ச நீரும் கசியுது. முதல் ஒண்ணு ரெண்டு நாள் பைக்குள்ள இருக்குறது நீர்த்த திரவம்தான். அடுத்து சிவப்பணுக்கள், ஃபைப்ரின் இழைகள், கூட்டம் கூட்டமா வெள்ளையணுக்கள். ஃபைப்ரின்னா ரத்தம் உறையும்போது வலை பின்னுமே, அதே பொருள். அதனால மூணாவது நாள் வாக்குல திரவம் கெட்டியாகி கூழ் மாதிரி ஆயிடும். அந்த மடலை வெட்டிப் பாத்த பழைய காலத்து மருத்துவர்கள் "ஈரல் மாதிரி இருக்கு"ன்னு எழுதி வெச்சாங்க. தண்ணில போட்டா மிதக்க வேண்டிய நுரையீரல் மூழ்கிடும். டாக்டர் முதுகுல விரல் வெச்சுத் தட்டும்போது அந்த இடம் மட்டும் மந்தமா கேக்குறதும் இதனாலதான்.

பக்கத்துப் பக்கத்துப் பைகளுக்கு நடுவுல சின்னச் சின்னத் துளைகள் உண்டு. திரவமும் கிருமியும் அது வழியா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு ஊறிப் போகும். மடலோட எல்லைச் சுவர் வந்தா அங்க தடைபடும். எக்ஸ்ரேல சில நேரம் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி வெள்ளை நிக்குதே, அது அந்த எல்லைதான்.

சரி, பை நிரம்பிடுச்சு. திரவத்துக்குள்ளயும் ஆக்சிஜன் பரவும்தானேன்னு கேட்டா, பரவும். ஆனா காத்துல பரவுறத விட தண்ணில ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவா பரவும். போதாததுக்கு, ஒரு லிட்டர் தண்ணில, நுரையீரல்ல இருக்குற அழுத்தத்துல, 3 மில்லி ஆக்சிஜன்தான் கரையும். தூரம் கூடக் கூட நேரம் அதோட வர்க்கமா ஏறும். ஒரு மில்லிமீட்டர் திரவத்தைத் தாண்டணும்னா நிமிஷக் கணக்குல ஆகும். பையும் அதுக்கு வர்ற நுனிக் குழாயும் சேர்ந்து அடைச்சிருக்குறப்ப தாண்ட வேண்டிய தூரம் அப்படித்தான் இருக்கு. ரத்தம் அங்க நிக்கப்போறது முக்கால் செகண்ட். ரயில் கிளம்பிப் போனதுக்கு அப்புறம் பயணி ஸ்டேஷனுக்கு வந்து சேர்ற கதைதான்.

இப்பதான் விஷயமே ஆரம்பிக்குது. அந்தப் பைக்குக் காத்து வரலயே தவிர, ரத்தம் வந்துக்கிட்டேதான் இருக்கு. வந்த ரத்தம் எதையும் ஏத்திக்காம, உடம்புல இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இடது இதயத்துக்குப் போய் நல்ல ரத்தத்தோட கலந்துடுது. இதுக்கு ஷன்ட்னு பேரு. ஒரு கணக்குப் போட்டுப் பாத்துடலாம்.

நம்ம ஆளோட நுரையீரல் ரத்தத்துல கால் பங்கு, அதாவது 25 சதவீதம், அந்தக் கெட்ட மடல் வழியா போகுதுன்னு வெச்சுக்குவோம். உடம்புல இருந்து திரும்பி வர்ற ரத்தத்தோட ஆக்சிஜன் நிறைவு சாதாரணமா 75. நல்ல பைகள் வழியா போனது 98க்கு ஏறும். கலந்தா, 98ல முக்கால் 73.5, 75ல கால் 18.75, கூட்டுனா 92. இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. ஆனா திசுக்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டேதான் இருக்கும், ஏறக்குறைய 25 புள்ளி. அப்போ 92ல போன ரத்தம் 67ல திரும்பி வரும். அடுத்த சுத்துல அந்த 67தான் கெட்ட மடல் வழியா போய்க் கலக்கும். இப்போ 90. இன்னொரு சுத்து, இன்னும் ஒரு துளி குறையும். கடைசில 90 பக்கத்துலயே நிலைக்கும். ஆரம்பத்துல பாத்த நம்பர் இதுதான்.

வேகமா மூச்சு விட்டா ஏன் ஏறலங்கிறதும் இதுலயே இருக்கு. நல்ல பைகள்ல ரத்தம் ஏற்கனவே 98. கால் செகண்ட்ல வேலை முடிஞ்சு மிச்ச நேரம் சும்மாதான் இருந்துச்சு. எவ்வளவு காத்து உள்ள தள்ளினாலும் நிரம்புன குடத்துல ஊத்துற தண்ணிதான், 100க்கு மேல போக வழியில்ல. அந்தப் பக்கம் 2 புள்ளி லாபம், இந்தப் பக்கம் 30 புள்ளி நஷ்டம். ஈடு கட்டவே முடியாது.

கார்பன் டை ஆக்சைடு இதுக்கு நேர்மாறு. அதை வெளியேத்துறதுக்கு அப்படி ஒரு உச்சவரம்பு இல்ல. நல்ல பைகள் வேகமா மூச்சு விட விட, அந்த ரத்தத்துல இருந்து இன்னும் இன்னும் வெளிய போகும். அதனால நிமோனியா நோயாளிக்கு ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடும் குறைவு. ரத்தத்துல அதோட அழுத்தம் சாதாரணமா 40 mmHgன்னா, இவருக்கு 32, 33 இருக்கும். இங்க ஒரு பொறி இருக்கு. மூச்சு வாங்கிக்கிட்டிருக்குற ஒருத்தருக்கு ரத்தப் பரிசோதனைல அது "நார்மல்" 40ன்னு வந்தா நிம்மதிப்பட்டுடாதீங்க. 32ல இருக்க வேண்டியது 40க்கு வந்துச்சுன்னா மூச்சுத் தசைகள் களைச்சுப் போகுதுன்னு சந்தேகப்படணும். அதுவும் ஆள் தூக்கக் கலக்கமா, சரியா பேச முடியாம இருந்தா அது அவசரம்.

மூக்குக் குழாய்ல ஆக்சிஜன் கொடுத்தா? முழுசா நிரம்புன பைக்குள்ள அந்த ஆக்சிஜனும் போகப்போறதில்ல. நல்ல பக்கம் 98ல இருந்து 100 ஆகும், பிளாஸ்மால கொஞ்சம் கூடுதலா கரையும். வெறும் ஷன்ட் மட்டும் இருந்தா நம்பர் 92க்கு வரும், அவ்வளவுதான். ஆனா நிஜத்துல வெள்ளைப் பகுதியோட ஓரத்துல பாதி நிரம்புன பைகளும் நிறைய இருக்கும். அங்க காத்து கொஞ்சமாவது போகுது, அதனால ஆக்சிஜன் கொடுத்ததும் அதுங்க நல்லா ஏறிக்கும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் கொடுத்ததும் நம்பர் சட்டுனு 95க்கு வந்தா பாதி நிரம்புன பைகள்தான் அதிகம்னு புரிஞ்சுக்கலாம். லிட்டரை ஏத்திக்கிட்டே போயும் நகராம இருந்தா ஷன்ட் பெருசுன்னு அர்த்தம். பெரும்பாலானவங்களுக்கு 94ல இருந்து 98 இலக்கு. சிஓபிடிங்கிற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இருந்து கார்பன் டை ஆக்சைடு தேங்குற ஆபத்து உள்ளவங்களுக்கு மட்டும் 88ல இருந்து 92. இது எல்லாருக்கும் ஒண்ணு கிடையாது.

உடம்பு இதைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கான்னா, இல்ல. ஆக்சிஜன் இல்லாத பைக்குப் போற ரத்தக் குழாயைச் சுருக்கி, ரத்தத்தை நல்ல பக்கம் திருப்பி விடுற ஏற்பாடு நுரையீரலுக்கே உண்டு. அருமையான ஏற்பாடு, ஆனா அழற்சில சுரக்குற புரோஸ்டாகிளாண்டின், நைட்ரிக் ஆக்சைடு இதெல்லாம் குழாயை விரிக்குறதால நிமோனியால அது முழுசா வேலை செய்யாது.

படுக்குற விதத்துல ஒரு வித்தியாசம் தெரியும். ரத்தம் புவியீர்ப்பால கீழ்ப்பக்கம் அதிகம் போகும். வலது மடல் கெட்டிருக்குறப்ப வலது பக்கமா படுத்தா கெட்ட மடலுக்கே கூடுதல் ரத்தம், நம்பர் இன்னும் இறங்கலாம். இடது பக்கம் படுத்தா, அதாவது நல்ல நுரையீரல் கீழ இருந்தா, சில புள்ளி ஏறும். இது பெரியவங்களுக்குச் சொல்றது. கைக்குழந்தைகளுக்கு மேல இருக்குற நுரையீரலுக்குத்தான் காத்து நல்லா போகும், அதனால இதை அப்படியே பொருத்தாதீங்க.

ஆக்ஸிமீட்டர் பத்தி ரெண்டு வார்த்தை. 98க்கும் 90க்கும் வெறும் 8 புள்ளிதானேன்னு தோணும். ஆனா அதுக்குள்ள ரத்தத்தோட ஆக்சிஜன் அழுத்தம் 100ல இருந்து 60க்கு இறங்கிடும். 90க்குக் கீழ போனா சரிவு செங்குத்து, அழுத்தம் 40 ஆனா நிறைவு 75. அதனால 90ங்கிறது மலையோட விளிம்பு. இன்னொண்ணு, கருமையான தோல்ல இந்தக் கருவி உண்மையை விட அதிகமா காட்டலாம். 92 காட்டுதேன்னு விட்டுடாம, சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. பெரியவங்களுக்கு 30 எட்டினா நம்பர் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிதான். ஒண்ணுல இருந்து அஞ்சு வயசுக் குழந்தைக்கு 40ம், ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள 50ம் வேக மூச்சு. விரல் சில்லுனு இருந்தாலோ நகப்பாலிஷ் இருந்தாலோ ரீடிங் தப்பா வரும். தேய்ச்சுச் சூடாக்கி, பாலிஷை எடுத்துட்டு, நம்பர் ஒரே இடத்துல நிக்குற வரைக்கும் பொறுங்க.

கடைசியா, ஆன்டிபயாடிக் போட்டும் ஏன் உடனே சரியாகலங்கிறது. மருந்து கிருமியைத்தான் கொல்லும், கூழை அது அள்ளிப் போடாது. ஃபைப்ரினை நொதிகள் கரைக்கணும், மேக்ரோபேஜ்கள் விழுங்கணும், திரவத்தைப் பையோட சுவர் உறிஞ்சணும், மிச்சம் இருமல்ல வரும். மருந்து பிடிச்சா பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் தணியும், மூச்சு எண்ணிக்கை இறங்கும், அதே லிட்டர் ஆக்சிஜன்ல நம்பர் ஏறும். எக்ஸ்ரே வெள்ளை மட்டும் வாரக்கணக்குல நிக்கும், வயசானவங்களுக்கு இன்னும் அதிகமா. அதனால நாலாவது நாள் எக்ஸ்ரே மாறலையேன்னு பயப்பட வேண்டாம். மூணு நாள் ஆகியும் காய்ச்சல் விடல, ஆக்சிஜன் லிட்டர் கூடிக்கிட்டே போகுதுன்னா மட்டும் வேற காரணத்தைத் தேடணும்: மருந்துக்கு அடங்காத கிருமியா, இல்ல ஆரம்பத்துல சொன்ன அந்த வெளி உறைக்குள்ள சீழ் சேர்ந்துடுச்சா. சீழ்னா அதை ஊசியோ குழாயோ போட்டு எடுத்தே ஆகணும்.