61 நாள்ல 600 படகு: ஆய்வு வேலையை யாரு எப்படிப் பிரிக்கிறது?

எல்லாருக்கும் வணக்கம். மேனேஜ்மென்ட் கொள்கைன்னா கம்பெனிக்காரங்க சமாச்சாரம்னு பல பேரு நினைக்கிறீங்க, ஆனா அதை 1916-ல எழுதி வச்ச ஹென்றி ஃபயோல், பிரான்ஸ்ல சுரங்க இன்ஜினியரா இருந்து பெரிய கம்பெனியையே நடத்துனவரு, 1921-ல அந்த நாட்டு தபால் தந்தி இலாகாவையே எடுத்து அலசுனாரு. தலைமையில இருக்கிறவங்க அடிக்கடி மாறுறாங்க, நீண்டகாலத் திட்டம்னு ஒண்ணு இல்லன்னு அப்பவே சொன்னாரு.

நம்ம கடற்கரைக்கு வருவோம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், ராமேஸ்வரம் மண்டபம் தொண்டின்னு விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும். அப்பத்தான் மீன்வளத்துறை ஒவ்வொரு படகையும் நேர்ல பாத்து பதிவு நம்பர், லைசென்ஸ், நீளம், இன்ஜின், லைஃப் ஜாக்கெட்னு ஆய்வு பண்ணணும். ஆய்வுக்குக் காட்டாத படகுக்கு மானிய டீசல் நின்னுபோகும்.

சும்மா கணக்குக்கு 600 படகுன்னு வச்சுக்குவோம். பேப்பர் பாக்க ஒருத்தர், அளவெடுக்க ஒருத்தர், இன்ஜின் பாக்க ஒருத்தர்னு பிரிச்சா வேலைப் பிரிவினை ஆச்சுன்னு தோணும். ஆனா மூணு பேரும் வேற வேற நாள்ல வந்தா படகுக்காரர் மூணு நாள் காத்துக்கிடக்கணும், ஒவ்வொருத்தர் ரெஜிஸ்டரும் சுத்தமா இருக்கும், படகு மட்டும் முடிஞ்சிருக்காது. தாமதம் யாரு மேசையிலயும் இல்ல, ரெண்டு மேசைக்கு நடுவுல இருக்கு. இதைக் கண்டுபிடிக்க, முதல்ல பாத்த தேதியையும் கடைசிக் கையெழுத்து தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, பாக்குற வேலை அரை மணி நேரம்தான், இடைவெளி பத்து நாள்னா பிரிச்ச விதமே தப்பு. மூணு பேரையும் ஒரே டீமாக்கி, ஒரு டீமுக்கு ஒரு மீன் இறங்குதளம்னு குடுங்க. பிரிக்கிறதுக்கும் ஒரு எல்லை உண்டுன்னு ஃபயோலே சொல்லியிருக்காரு.

அடுத்தது, ஒரே குறிக்கோளுக்கு ஒரே தலைவர், ஒரே திட்டம். ஆய்வுக்கு ஒரு பட்டியல், தடைக்கால நிவாரணத்துக்கு வேற பட்டியல்னு ரெண்டு செக்‌ஷன் தனித்தனியா அலைஞ்சா ஒரே படகுக்காரர் அதே ஆர்சி நகலை ரெண்டு தடவை குடுப்பாரு. ஒரு ஊழியருக்கு ஒரே மேலதிகாரிங்கிறது வேற கொள்கை, அதை மட்டும் கடைப்பிடிச்சா இது சரியாயிடாது, ஏன்னா ரெண்டு செக்‌ஷன்லயும் அவங்கவங்க அதிகாரி சொன்னதைத்தான் செய்யுறாங்க.

திட்டத்தை ஜூன் 14-ல இருந்து பின்னாடி போட்டு வாங்க. குறை உள்ள படகை மறுபடி பாக்கணும், அதுக்கு ரெண்டு வாரமாவது வேணும், அதனால முதல் சுற்று மே கடைசிக்குள்ள முடிஞ்சாகணும். பெயின்ட் அடிக்க கரையேத்துன படகுல நம்பர் அழிஞ்சிருக்கும், அப்ப போய் நின்னு என்ன பாப்பீங்க? ஏப்ரல்லயே சங்கத்துக்காரங்கக்கிட்ட எந்தப் படகு எப்ப கரையேறுதுன்னு வாங்கிட்டா டீமுக்கு நாள் குறிக்கலாம். மே மாசம் வங்கக்கடல்ல புயல் வந்துட்டா ஊழியர்ல பாதிப் பேரு அந்த வேலைக்குப் போயிடுவாங்க, அப்ப எந்த இறங்குதளத்தை நிறுத்துறது எதை விடாம நடத்துறதுன்னு முடிவெடுக்குற ஒரு ஆளோட பேரு திட்டத்தோட முதல் பக்கத்துலயே இருக்கணும்.