அப்ரூவர் சொல்வதை நீதிமன்றம் எப்போது நம்பும்?

நேயர்களுக்கு வணக்கம். காவிரிப் படுகையில் சிலைத் திருட்டு வழக்குகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், 'குற்றவாளிகளில் ஒருவர் அப்ரூவராக மாறினார்' என்ற வரியும் அடிக்கடி வருகிறது. மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு, கூட இருந்தவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல முன்வருபவர்தான் அப்ரூவர். அந்த வரியைப் படிக்கும் பலர் இரண்டு விஷயங்களை நம்பிவிடுகிறார்கள். மாறியவர் அன்றே வீட்டுக்குப் போய்விட்டார் என்பது ஒன்று. கூட இருந்தவனே சொல்லிவிட்ட பிறகு மற்றவர்களுக்குத் தண்டனை நிச்சயம் என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. குற்றவியல் வழக்கறிஞராக இந்த இரண்டு நம்பிக்கைகளையும் நீதிமன்ற வாசலில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதனால் விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். இதில் வருபவர்கள் யாரும் உண்மையான ஆட்கள் அல்லர்.

குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு சிறிய சிவன் கோயில். 2025ஆம் ஆண்டு, சம்பா அறுவடை முடிந்த சமயம். ஓர் இரவு பூட்டை உடைத்து ஐம்பொன் உற்சவர் சிலையைத் தூக்கிச் செல்கிறார்கள். தடுக்க வந்த காவலாளி தலையில் அடிபட்டு இறந்துபோகிறார். கைதானவர்கள் நால்வர். குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்ற மொழியில் 'எதிரி' என்பார்கள். நகரத்தில் இருந்துகொண்டு திட்டம் போட்டதாகச் சொல்லப்படும் தரகர் முதல் எதிரி. கோயிலுக்குள் நுழைந்ததாகச் சொல்லப்படும் இருவர் இரண்டாம், மூன்றாம் எதிரிகள். மினி வேன் ஓட்டியவர் நான்காம் எதிரி. நேரில் பார்த்த ஒரே மனிதர் காவலாளி. அவர் உயிரோடு இல்லை. இந்த நிலையில்தான் வேன் ஓட்டுநர், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்கிறார்.

அவருக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரம் காவல்துறைக்கு இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 343ஆவது பிரிவு அதை நீதித்துறையிடம் கொடுத்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 306ஆவது பிரிவு. புலன்விசாரணை நடக்கும்போதே மன்னிப்பு வழங்க வேண்டுமானால், தலைமைக் குற்றவியல் நடுவர் மட்டுமே வழங்கலாம். எல்லாக் குற்றங்களுக்கும் இது கிடைக்காது. அமர்வு நீதிமன்றமோ சிறப்பு நீதிபதியோ மட்டுமே விசாரிக்கக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும், அல்லது 7 ஆண்டு வரையோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நம் வழக்கில் கொலை இருப்பதால் தடையில்லை. காவலாளி பிழைத்திருந்தாலும் தடை இருந்திருக்காது. வழிபாட்டுத் தலத்திலிருந்து சிலையைத் திருடுவதற்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆவது பிரிவு 7 ஆண்டு வரை தண்டனை வைத்திருக்கிறது.

நடைமுறை வழக்கமாக இப்படிப் போகும். முதலில் ஓட்டுநரை ஒரு குற்றவியல் நடுவர் முன் நிறுத்துகிறார்கள். காவலர்களை வெளியே அனுப்பிவிட்டு, "நீ ஒப்புதல் வாக்குமூலம் தர வேண்டிய கட்டாயம் இல்லை, தந்தால் அது உனக்கு எதிராகவே பயன்படலாம்" என்று நடுவர் எச்சரிக்கிறார். யோசிக்க அவகாசம் கொடுத்து, பிறகு பதிவு செய்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அரசுத் தரப்பு தலைமைக் குற்றவியல் நடுவரிடம் மனுப் போடுகிறது. அவர் காரணத்தை எழுத வேண்டும்: இந்த வழக்கில் வேறு சாட்சியம் ஏன் போதவில்லை, இந்த ஆளை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. தனக்குத் தெரிந்த அனைத்தையும், சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரைப் பற்றியும், மறைக்காமல் உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பதே நிபந்தனை. அதை ஓட்டுநர் ஏற்றாரா இல்லையா என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மற்ற எதிரிகள் விண்ணப்பித்தால் அந்தப் பதிவின் நகலை இலவசமாகத் தர வேண்டும். இந்த நகலைக் கேட்டு வாங்காத எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். குறுக்கு விசாரணைக்கு வேண்டிய பாதிக் கேள்விகள் அந்தக் காரணப் பத்தியிலேயே கிடக்கும்.

மன்னிப்பை ஏற்றதும் ஓட்டுநர் எதிரிக் கூண்டிலிருந்து சாட்சிக் கூண்டுக்கு மாறுகிறார். ஆனால் வீட்டுக்குப் போவதில்லை. ஏற்கனவே ஜாமீனில் இருந்தாலொழிய, விசாரணை முடியும்வரை அவரைக் காவலில்தான் வைக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. மற்ற எதிரிகள் ஒவ்வொருவராக ஜாமீனில் வெளியே வந்துவிட, மன்னிக்கப்பட்டவர் உள்ளேயே இருப்பார். விசாரணை மிகவும் நீண்ட சில வழக்குகளில் உயர் நீதிமன்றங்கள் தங்கள் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டு ஜாமீன் கொடுத்திருக்கின்றன. அது விதிவிலக்கு. அவரை அச்சுறுத்தலிலிருந்தும் ஆசை வார்த்தையிலிருந்தும் காப்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம் என்பார்கள். அந்த நோக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விசாரணையை ஆண்டுக்கணக்கில் இழுத்துவிட்டு அதற்கான விலையை இந்த ஓர் ஆளிடம் வசூலிப்பது நியாயமில்லை.

வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே, நடுவர் நீதிமன்றத்தில் அவரை ஒருமுறை சாட்சியாக விசாரிக்க வேண்டும். பிறகு அமர்வு நீதிமன்றத்தில் மறுபடியும். முதல் விசாரணையைத் தவிர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சுரேஷ் சந்திர பாஹ்ரி வழக்கில் சொல்லியிருக்கிறது. இரண்டு இடத்திலும் அவர் சொன்னதை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எதிரிகளுக்குக் கிடைக்கிறது. வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு வந்த பிறகு அந்த நீதிமன்றமே மன்னிப்பு வழங்கினால் மட்டும் இந்த முதல் கட்டம் இல்லை.

இனி சாட்சியத்தின் எடைக்கு வருகிறேன். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 138ஆவது பிரிவு, உடந்தையாக இருந்தவர் தகுதியுள்ள சாட்சியே என்கிறது. 119ஆவது பிரிவின் ஓர் எடுத்துக்காட்டோ, முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் அவர் நம்பத் தகாதவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 133ஆவது பிரிவு, துணை ஆதாரம் இல்லாமல் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது என்றது. ஆனாலும் நீதிமன்றங்கள் நடைமுறையில் துணை ஆதாரத்தைக் கேட்டே வந்தன. புதிய சட்டம் துணை ஆதாரம் பெற்ற சாட்சியம் என்றே வாசகத்தை மாற்றி எழுதிவிட்டது.

1957இல் சர்வன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரட்டைச் சோதனையை வகுத்தது. முதலில், எந்தச் சாட்சியையும் போல இவரும் நம்பத் தகுந்தவரா என்று பார்க்க வேண்டும். அதில் தேறினால்தான், போதிய துணை ஆதாரம் உண்டா என்ற இரண்டாம் கேள்வி. நம் ஓட்டுநர், "நான் வேனில்தான் உட்கார்ந்திருந்தேன், எதற்காக வந்தார்கள் என்றே தெரியாது" என்று சொன்னால், முதல் சோதனையிலேயே தடுமாறுவார். தன் பங்கை அவர் பெரிதாக்கிக் காட்ட வேண்டியதில்லை. முழுக்கக் கழுவிக்கொள்ளவும் கூடாது.

அவர் முதல் சோதனையில் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பூட்டு எப்படி உடைக்கப்பட்டது, காவலாளிக்கு எங்கே அடி விழுந்தது, வேன் எந்த வாய்க்கால் மேட்டில் நின்றது என்று அவர் சொன்னதெல்லாம் பிரேதப் பரிசோதனை அறிக்கையோடும், சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் எழுதிய மகஜரோடும் பொருந்துகிறது. இதனால் நிரூபணமாவது என்ன? ஓட்டுநர் அங்கே இருந்தார் என்பது மட்டும்தான். மற்ற மூவரும் இருந்தார்கள் என்பது அல்ல. 1949இல் புபோனி சாஹு வழக்கில், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இந்த ஆபத்தைத்தான் எடுத்துச் சொன்னது. நடந்த கதை மொத்தத்தில் உண்மையாக இருக்கும். அதற்குள் ஒரு பொய்யை, ஒரு நிரபராதியின் பெயரை, நுழைப்பது உடந்தையாக இருந்தவருக்கு மிகவும் சுலபம். அதனால் ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனியாக, அவரைக் குற்றத்தோடு பிணைக்கும் ஆதாரம் வெளியிலிருந்து வர வேண்டும். ஓட்டுநர் சொல்லும் ஒவ்வொரு விவரத்துக்கும் ஆதாரம் தேவையில்லை. நேரடிச் சாட்சியமாகவும் இருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் எதிரியைப் பார்ப்போம். அவர் காட்டிய இடத்தில், பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால், சாக்கில் சுற்றிப் புதைத்திருந்த சிலையை எடுத்திருக்கிறார்கள். இது வலுவான ஆதாரம். ஆனாலும் நான் முதலில் தேதியைப் பார்ப்பேன். சிலை எடுத்த மகஜர் எந்தத் தேதி, ஓட்டுநரின் வாக்குமூலம் எந்தத் தேதி? சிலை முன்பே கிடைத்திருந்தால், அந்த இடத்தை ஓட்டுநர் தானாகச் சொன்னாரா, காவல் நிலையத்தில் கேட்டதைச் சொன்னாரா என்ற கேள்வி எழும். அப்போதும் மீட்பு இரண்டாம் எதிரிக்கு எதிராக நிற்கும். ஓட்டுநரின் சொல்லுக்கு அது சேர்க்கும் பலம்தான் குறையும்.

மூன்றாம் எதிரிக்கு எதிராக இருப்பது செல்போன் கோபுரப் பதிவு. அன்றிரவு அவருடைய போன் கோயிலுக்கு அருகிலுள்ள கோபுரத்தில் பதிவாகியிருக்கிறது. அவர் ஊர் நாகப்பட்டினம் பக்கம் என்றால், நள்ளிரவில் குடமுருட்டிக் கரையில் அவருக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு எடை உண்டு. அவர் பக்கத்துக் கிராமத்துக்காரர் என்றால் அந்தப் பதிவு ஒன்றையும் நிரூபிக்காது. வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் அதே கோபுரம்தான் காட்டியிருக்கும்.

முதல் எதிரியான தரகர் சம்பவ இடத்துக்கே வரவில்லை. பஸ் நிலையத்தருகே ஒரு டீக்கடையில் அவர் முன்பணம் கொடுத்தார் என்கிறார் ஓட்டுநர். இருவரும் போனில் பேசிய பதிவுகள் இருக்கின்றன. ஆனால் தரகர் அதற்கு முன்பும் மாதக்கணக்காக அந்த வேனை வாடகைக்கு அழைத்திருந்தால், அந்த அழைப்புகள் பழக்கத்தை மட்டுமே காட்டும். மூன்றாம் எதிரியும் தன் ஒப்புதல் வாக்குமூலத்தில் தரகரின் பெயரைச் சொல்லியிருக்கிறாரே என்று அரசுத் தரப்பு வாதிடும். அது போதாது. ஓர் உடந்தையாளரின் சொல்லுக்கு இன்னோர் உடந்தையாளரின் சொல்லை முட்டுக்கொடுக்க முடியாது. அந்த 1949 தீர்ப்பில் மேல்முறையீட்டாளர் விடுதலையானதற்கு இதுவே முக்கியக் காரணம். டீக்கடைக்காரரோ, வங்கியில் எடுத்த பணமோ, சிலையின் படம் தரகரின் போனில் இருந்ததோ, ஏதாவது ஒன்று வேண்டும். இல்லையென்றால் தரகர் விடுதலைதான். திட்டம் போட்டவர்கள் தப்பிப்பதற்கு நீதிமன்றத்தைக் குறை சொல்கிறோம். ஆனால் அந்த ஓர் ஆதாரத்தை முதல் வாரத்திலேயே தேடாத புலன்விசாரணையில்தான் கோளாறு பெரும்பாலும் இருக்கிறது.

ஓட்டுநரே கூண்டில் ஏறிப் பிறழ்ந்துவிட்டால் என்ன ஆகும்? அவரைச் சாட்சியாக அழைக்காமல் விட்டுவிட முடியாது. மன்னிப்பை ஏற்றவரை விசாரித்தே ஆக வேண்டும் என்று ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் வேண்டுமென்றே முக்கியமான ஒன்றை மறைத்தார் அல்லது பொய் சொன்னார் என்று அரசு வழக்கறிஞர் சான்றளித்தால், 345ஆவது பிரிவின்படி அதே கொலைக்கும் திருட்டுக்கும் அவரைத் தனியாக விசாரிக்கலாம், மற்றவர்களோடு சேர்த்து அல்ல. மன்னிப்புக்காக அவர் கொடுத்த வாக்குமூலமே அவருக்கு எதிரான சாட்சியமாகும். ஆனால் "நிபந்தனைப்படி நடந்துகொண்டேன்" என்று வாதிட அவருக்கு உரிமை உண்டு. நடக்கவில்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. பொய்ச் சாட்சிக்காக வழக்குத் தொடர வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும்.

அவர் பிறழாமல் உண்மையைச் சொல்லி, துணை ஆதாரம் இல்லாததால் தரகர் விடுதலையானால், ஓட்டுநரின் மன்னிப்புக்கு ஆபத்து இல்லை. உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருக்கு வைத்த நிபந்தனை. மற்றவர்களுக்குத் தண்டனை வாங்கித் தருவது அதில் இல்லை. தீர்ப்பு வந்த அன்று அவர் வெளியே போகலாம்.

வணக்கம்.