அஞ்சடி ஜன்னலுக்குத் திரைத்துணி எத்தனை மீட்டர்? பன்னாவை எண்ணிப் போடும் கணக்கு

[காட்சி: வெட்டும் மேசை. மடித்து வைத்த வெளிர்பச்சைத் துணி. பக்கத்தில் இஞ்ச் டேப்பும் சாக்பீஸும்.]

வணக்கம். சத்துவாச்சாரியில் திரைச்சீலை தைக்கிறேன். மேசையில் இருக்கிற இந்தத் துணியைக் காட்பாடியில் இருந்து ஒரு அக்கா கொண்டு வந்தார். "ஹால் ஜன்னலுக்குத் தம்பி. கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன், குறையாது" என்றார். அளந்து பார்த்தேன். நீளம் 5.75 மீட்டர், பன்னா, அதாவது துணியின் அகலம், 48 இஞ்ச். அந்த ஜன்னலுக்கு இது பாதி மாதிரிதான் வரும்.

அக்கா கணக்கில் கூட்டல் பெருக்கல் எதுவும் தப்பில்லை. ஜன்னல் அகலம் 60 இஞ்ச். கொசுவம் விழ இரண்டு மடங்கு வேண்டும் என்று 120 எடுத்திருக்கிறார். உயரம் 89. இரண்டையும் பெருக்கி, துணியின் பன்னாவான 48-ஆல் வகுத்தால் 222 இஞ்ச் சொச்சம் வருகிறது. அதாவது 5.65 மீட்டர். கொஞ்சம் சேர்த்து 5.75 வாங்கிவிட்டார். தரைக்கு டைல்ஸ் ஒட்ட இந்தச் சதுரக் கணக்கு சரி. திரைக்கு ஆகாது. திரையை மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டாகத் தொங்கவிட வேண்டும். அரை உயரத்துக்கு மிஞ்சிய துணியை நடுவில் ஒட்டுப் போட முடியாது. அதனால் நாம் சதுரத்தை எண்ணுவதில்லை, முழு நீளத் துண்டுகளை எண்ணுகிறோம். முழு அகலத்தில் வெட்டிய அப்படி ஒரு துண்டையும் பன்னா என்றே சொல்வோம். எத்தனை பன்னா வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், இவ்வளவுதான் கேள்வி.

[காட்சி: ஜன்னல். மேலே ராடு. டேப் ராடின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை.]

முதலில் அகலம். டேப்பை ஜன்னலில் வைக்காதீர்கள், ராடில் வையுங்கள். அக்கா வீட்டு ஜன்னல் 60 இஞ்ச் என்றாலும் ராடு இரண்டு பக்கமும் ஆறாறு இஞ்ச் தள்ளிப் போகிறது, மொத்தம் 72. திரையை ஒதுக்கினால் கொசுவம் குவிந்து சுவர் மேல் நிற்க இடம் வேண்டும் அல்லவா? அந்த ஆறு இஞ்ச் இல்லையென்றால் ஒதுக்கிய திரை ஜன்னலையே மறைக்கும். வேலூர் வெயிலில் பகல் முழுக்க மூடி வைத்துவிட்டு, சாயங்காலம் காற்றுக்குத் திறக்கும்போது பாதி ஜன்னல் அடைத்திருந்தால் என்ன பயன்?

இரண்டு திரையும் நடுவில் சந்திக்கிற இடத்தில் வெளிச்சக் கோடு விழாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு இஞ்ச் கூட்டுவேன். ஆக, தைத்து முடித்த ஒரு திரையின் அகலம் 37 இஞ்ச். இரண்டும் சேர்த்து 74.

அப்புறம் கொசுவம். மூன்று மடிப்பைச் சேர்த்துப் பிடிக்கிற கொசுவத்துக்கு விரித்த துணி, முடித்த அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் நன்றாக நிற்கும். 74-க்கு 148 இஞ்ச். இந்த 148, ஓரம் எல்லாம் மடித்துத் தைத்த பிறகும் மிஞ்ச வேண்டிய அளவு. கடையில் காட்டுகிற பன்னாவை அப்படியே கூட்டி 148 வந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது.

[காட்சி: துணியின் ஓரத்தை ஒன்றரை இஞ்ச் மடித்து, மறுபடியும் ஒன்றரை இஞ்ச் மடிக்கும் கை.]

இதைக் கிட்டத்தில் பாருங்கள். பக்க ஓரத்தை ஒன்றரை இஞ்ச் மடிக்கிறேன், திரும்பவும் ஒன்றரை மடிக்கிறேன். ஒரு ஓரத்துக்கு மூன்று இஞ்ச் போய்விட்டது. இரண்டு ஓரத்துக்கு ஆறு. ஒரு திரைக்கு ஒன்றரைப் பன்னா என்றால் நடுவில் ஒரு ஒட்டு வரும். குடியாத்தம் லுங்கியை மூட்டித் தருகிற மாதிரிதான், இரண்டு விளிம்பையும் சேர்த்து அரையரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைப்போம். அதில் ஒரு இஞ்ச் போகும். ஆக, ஒவ்வொரு திரையிலும் ஏழு இஞ்ச் கண்ணுக்குத் தெரியாமல் மடிப்புக்குள் போய்விடுகிறது.

[திரையில்: 48 பன்னா, ஒன்றரை = 72; 72 − 7 = 65]

இப்போது அக்காவின் 48 இஞ்ச் பன்னாவை வைத்துப் பார்ப்போம். ஒரு திரைக்கு ஒன்றரைப் பன்னா, 72 இஞ்ச். ஏழு போனால் 65. முடித்த அகலம் 37. மீதி 28 இஞ்ச்தான் கொசுவத்துக்கு. ஒரு திரைக்கு ஏழு கொசுவம் வைத்தால் ஒன்றுக்கு நாலு இஞ்ச். அதை மூன்று மடிப்பாகப் பிடித்தால் விரல் பருமன்கூட வராது. மேலே மட்டும் கொசுவம் மாதிரி தெரியும், கீழே திரை தட்டையாகத் தொங்கும்.

[திரையில்: 54 பன்னா, ஒன்றரை = 81; 81 − 7 = 74]

அதே ஒன்றரையை 54 இஞ்ச் பன்னாவில் எடுத்தால் 81. ஏழு போனால் 74. சரியாக 37-க்கு இரண்டு மடங்கு! கொசுவத்துக்கு 37 இஞ்ச் கிடைக்கிறது, ஒன்றுக்கு ஐந்தே கால் இஞ்ச் சொச்சம். இது நின்று பேசும். ஒரு திரைக்கு ஒன்றரை என்றால் இரண்டு திரைக்கு மூன்று பன்னா. மூன்றாவது பன்னாவை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி. அந்தப் பாதியைச் சுவர்ப் பக்கம் வருகிற ஓரத்தில் வைத்து மூட்டினால் ஒட்டு கொசுவத்துக்குள் மறைந்துவிடும். நடுப்பக்கம் வைத்தால் திரையை மூடியதும் அந்தக் கோடுதான் முதலில் தெரியும்.

48 பன்னாதான் பிடித்திருக்கிறது என்றால் நாலு பன்னா எடுங்கள். கொசுவம் 2.4 மடங்கு வரும், பார்க்க நன்றாகவே இருக்கும், துணி மட்டும் கூடப் போகும். மூன்றே கால் பன்னா என்று கடையில் வாங்க முடியாது. முழுத் துண்டாகத்தான் வரும். 148-உடன் மடிப்பில் போகிற அளவையும் கூட்டி, பன்னாவால் வகுத்து வருகிற எண்ணில் புள்ளிக்குப் பின்னால் எது வந்தாலும் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றுங்கள்.

[காட்சி: ராடில் தொங்கும் வளையத்தில் இருந்து தரை வரை டேப்.]

சரி, நீளத்துக்கு வருவோம். நம் பக்கத்து வீடுகளில் லிண்டல் பெரும்பாலும் ஏழடியில் இருக்கும், அதாவது 84 இஞ்ச். அதற்கு ஆறு இஞ்ச் மேலே திரையின் தலை வந்தால் தரையில் இருந்து 90. தரைக்கும் திரைக்கும் நடுவே ஒரு இஞ்ச் விடச் சொல்வேன். தினமும் தரை துடைக்கிற வீட்டில் திரை தரையைத் தொட்டால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மேலே ஏறும், அடியில் போர்த் தண்ணீரின் உப்புக்கறை படியும். ஆக, முடித்த நீளம் 89. அக்கா கொண்டு வந்த 89 இதுதான். மடிப்பு ஒன்றும் அதில் சேரவில்லை.

கீழ் மடிப்பை நாலு இஞ்சாக இரண்டு முறை மடிப்பேன், எட்டு இஞ்ச். அந்தக் கனம் இருந்தால்தான் ஃபேன் காற்றில் திரை பறக்காமல் நேராக விழும். துவைத்துக் கொஞ்சம் ஏறினால் பிரித்து இறக்கவும் துணி இருக்கும். மேலே கொசுவம் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற பட்டை, நாலு இஞ்ச் பக்ரம். அதை மூடி மடிக்க நாலும், விளிம்பை உள்ளே திருப்ப ஒன்றுமாக ஐந்து இஞ்ச். 89, 8, 5 மூன்றையும் கூட்டினால் 102. ஒரு பன்னாவை இந்த நீளத்துக்குத்தான் வெட்ட வேண்டும்.

[திரையில்: 102 × 3 = 306 இஞ்ச்; 306 ÷ 39.37 = 7.77 மீட்டர்]

54 பன்னாவில் மூன்று துண்டு, 306 இஞ்ச். ஒரு மீட்டருக்கு 39.37 இஞ்ச். வகுத்தால் 7.77, எட்டு மீட்டர் வாங்கலாம். 48 பன்னாவில் நாலு துண்டு, 408 இஞ்ச், பத்தரை மீட்டர். மீட்டருக்கு 220 ரூபாய் என்று 48 பன்னாவும் 270 ரூபாய் என்று 54 பன்னாவும் இருந்தால் மலிவு எது? முதலாவது 2,310 ரூபாய் ஆகிறது, இரண்டாவது 2,160. மீட்டர் விலையை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீர்கள்.

இந்த எட்டு மீட்டர் எல்லாத் துணிக்கும் பொருந்தாது. இரண்டு இடத்தில் கூடும்.

[காட்சி: பூப்போட்ட துணி. ஒரு பூவின் நுனியில் இருந்து அதற்கு நேர் கீழே அதே பூவின் நுனி வரை டேப்.]

ஒன்று, பெரிய பூப்போட்ட துணி. ஒரு பூவின் நுனியில் இருந்து கீழே அதே பூ திரும்ப வருகிற இடம் வரை அளந்து பாருங்கள். இங்கே 24 இஞ்ச். எல்லாத் துண்டும் பூவின் ஒரே இடத்தில் ஆரம்பித்தால்தான் ஒட்டில் பாதிப் பூவும் பாதிப் பூவும் சேரும். அதனால் வெட்டும் நீளம் 24-இன் மடங்காக ஏற வேண்டும். 24, 48, 72, 96 என்று போகும். நமக்கு வேண்டிய 102-க்கு 96 போதாது. அடுத்தது 120. மூன்று துண்டுக்கு 360 இஞ்ச், ஒன்பதே கால் மீட்டர். கடைசித் துண்டுக்கு 102 போதுமே என்று கேட்பார்கள். கடைக்காரர் துணிச் சுருளில் இருந்து வெட்டும்போது பூவின் நடுவில் இருந்துதான் துணி தொடங்கும், அதைச் சரிசெய்ய அந்த மிச்சம் தேவைப்படும். ஒன்பதே காலையே வாங்குங்கள்.

இரண்டாவது, பருத்தி. பாலியெஸ்டர் கலந்த துணியில் பெரிய வித்தியாசம் தெரியாது. தூய பருத்தி சுருங்கும். அளவு தெரியாத துணி என்றால் முதலில் முக்கால் மீட்டர் மட்டும் வாங்கி, நீளவாக்கில் சரியாக 50 சென்டிமீட்டருக்குப் பேனாவால் இரண்டு கோடு போட்டு, நனைத்துக் காயவைத்துத் திரும்ப அளப்பேன். 48 ஆகியிருந்தால் 4 சதவீதம் சுருக்கம். அப்படி என்றால் 102-ஐ 0.96-ஆல் வகுக்க வேண்டும். 106 சொச்சம், 107 என்று வைத்துக்கொண்டால் மூன்று துண்டுக்கு எட்டே கால் மீட்டர். முழுத் துணியையும் நனைத்துக் காயவைத்த பிறகுதான் கத்தரி. இதைச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையிலேயே 89 இஞ்ச் திரை மூன்றரை இஞ்ச் ஏறிவிடும்.

கடையில் இன்னொன்றும் கவனியுங்கள். பன்னா 54 என்று சொன்னாலும் டேப்பைக் குறுக்கே வைத்து அளந்து பாருங்கள். இரண்டு பக்கக் கரையும் சேர்ந்துதான் அந்த அளவு. கரை மடிப்புக்குள் போகிற பக்கத்தில் பரவாயில்லை, ஒட்டு வருகிற பக்கத்தில் அச்சு இல்லாத வெள்ளைக் கரை இருந்தால் அதையும் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். இன்னும் ஒரு இஞ்ச் குறையும்.

[காட்சி: மறுபடியும் மேசையில் அந்த வெளிர்பச்சைத் துணி.]

அக்காவின் துணிக்கு வருவோம். 5.75 மீட்டர், 226 இஞ்ச். 102 இஞ்ச் துண்டு இரண்டுதான் கிடைக்கும், 22 மீதி. இரண்டு பன்னாவை ஹாலுக்குப் போட்டால் ஒரு திரைக்கு 48-இல் ஓரம் ஆறு போக 42. முடித்த அகலம் 37. கொசுவத்துக்கு ஐந்து இஞ்ச் மட்டும், போர்வையை விரித்துத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும்.

"வீட்டில் சின்ன ஜன்னல் ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேட்டேன். படுக்கையறையில் மூணடி ஜன்னல், அதே லிண்டல் உயரம், ராடு 42 இஞ்ச் என்றார். ஒரு திரை முடித்த அகலம் 22, விரித்த துணி 42. இரண்டு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒட்டே இல்லை. இந்தப் பச்சைத் துணி அந்த அறைக்குப் போகிறது. ஹாலுக்கு 54 பன்னாவில் எட்டு மீட்டர் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

[காட்சி: துணியின் மேல் 102-ஆவது இஞ்சில் சாக்பீஸ் கோடு. கத்தரி.]