பன்னிரண்டு சலாகைகளும் எட்டுக் கோடுகளும்

(திருகோணமலையில் விவசாயப் போதனாசிரியர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். தம்பலகாமம், கந்தளாய், மூதூர் என்று பல இடங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். மாத மழையை எக்செல்லில் போட்டு, சலாகை வரைபாக்கி, விவசாயிகளுக்குக் காட்டுகிறவர்கள் நீங்கள். அப்படி ஒரு வரைபை இப்போது திரையில் போடுகிறேன். எண்கள் பயிற்சிக்காக நானே எழுதியவை: நவம்பர் 341 மி.மீ., டிசம்பர் 352, ஜூன் 18.

எக்செல் தானாகக் கொடுத்ததை நான் இன்னும் தொடவில்லை. சுற்றிலும் ஒரு சட்டம். இடப்பக்கம் 0 முதல் 400 வரை ஐம்பது ஐம்பதாக எண்கள். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் ஒரு குறுக்குக் கோடு. அடிக்கோட்டை விட்டால் எட்டு. புள்ளிவிவர அறிஞர் எட்வர்ட் டஃப்டி 1983இல் ஓர் அளவையை முன்வைத்தார்: வரைபில் செலவான மொத்த மையில், தரவைச் சொல்லும் மை எவ்வளவு பங்கு? இந்த எட்டுக் கோடுகளும் மழையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

ஜூன் சலாகை 0க்கும் 50க்கும் நடுவில் கிடக்கிறது. அது 18ஆ, 25ஆ என்று எந்தக் கோடும் சொல்லாது. டிசம்பரில் இன்னும் மோசம். 350 கோடு நவம்பர் சலாகைக்கு மேலாகவும், டிசம்பர் சலாகையின் உச்சிக்குச் சற்றுக் கீழாகவும் போகிறது. வெறும் 11 மி.மீ. வித்தியாசம், ஏதோ எல்லையைத் தாண்டியதுபோலத் தெரிகிறது. அந்த எல்லை வானத்தில் இல்லை, எக்செல் போட்டது.

சரி, ஒரு கோட்டின் மேல் சொடுக்குங்கள். எல்லாம் சேர்ந்தே தெரிவாகும். `Delete` அழுத்துங்கள். எதையாவது இழந்தோமா? இழந்ததாகப் பட்டால் `Ctrl+Z`. அப்புறம் சட்டம்: `Format Chart Area` போய், `Border` என்பதன் கீழ் `No line`.

இப்போது நவம்பர், டிசம்பர், ஜூன் ஆகிய மூன்று சலாகைகளின் தலையில் மட்டும் எண்ணை எழுதுகிறேன். பன்னிரண்டிலும் எழுதினால் கோடுகள் போன இடத்தில் எண்கள் கூட்டம் போடும். இடப்பக்க எண்களும் இனி வேண்டாம். மற்ற மாதங்களைக் கண் டிசம்பரோடு ஒப்பிட்டுக்கொள்ளும். சலாகைகள் எல்லாம் 0இலிருந்து எழும்புவதால்தான் அது முடிகிறது, ஆகவே அடிக்கோட்டை மட்டும் அழிக்காதீர்கள். அச்சை அழிக்கும்போது பலர் மறப்பது அலகு. ‘மி.மீ.’ என்பதைத் தலைப்பில் எழுதுங்கள், இல்லாவிட்டால் 352 என்னவென்று பின்வரிசை கேட்கும்.

எல்லா வரைபுக்கும் இது பொருந்தாது. குளத்து நீர்மட்டத்தைச் சிறுபோகம் முழுக்க நாளுக்கு நாள் கோட்டு வரைபாகப் போட்டு, ஒருவர் எந்த நாளின் மட்டத்தையும் வாசித்தெடுக்க வேண்டுமென்றால், கோடுகள் அங்கே வேலை செய்கின்றன. வைத்திருங்கள், ஆனால் மெல்லிய சாம்பலில், மூன்று நான்கோடு நிறுத்தி. அந்தத் தாளைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுப்பதானால் முதலில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். திரையில் அழகாக இருந்த வெளிர் சாம்பல் தாளில் மறைந்துபோகும், அப்போது ஒரு படி கறுப்பாக்க வேண்டியிருக்கும்.