நட்சத்திர மீன் நீங்கிய பாறை

நேயர்களுக்கு வணக்கம். உணவு வலை என்றதும் பாடநூலின் ஒரு பக்கம் உங்கள் நினைவுக்கு வரக்கூடும். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று பெயர்கள் சிதறிக் கிடக்க, அவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக அம்புக்குறிகள் ஓடும் படம் அது. படத்தின் கீழே பெரும்பாலும் ஒரு வினா இருக்கும்: தவளை அழிந்துபோனால் என்ன நிகழும்? சூழலியல் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்தப் பாடம் முழுவதிலும் மிகவும் பிடித்த வினா இதுதான். அதற்கு எப்படி விடை காண்பது என்பதையும், கண்ட விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் அம்புக்குறியின் திசையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அம்பின் முனை உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கி இருக்கும். புல்லிலிருந்து புறப்படும் அம்பு வெட்டுக்கிளியில் முடியும், வெட்டுக்கிளியிலிருந்து புறப்படுவது தவளையில் முடியும். வேட்டையாடுவது யார் என்று எண்ணினால் தவளையிலிருந்து அம்பை எய்யத் தோன்றும். ஆனால் படம் காட்டுவது வேட்டையை அன்று, உணவும் அதனுள் இருக்கும் ஆற்றலும் எந்த உடலிலிருந்து எந்த உடலுக்குச் செல்கின்றன என்பதையே.

திசை தெளிவானதும், ஓர் இனத்தை நீக்கிப் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. நீக்கிய இனத்தை விட்டு வெளியேறும் அம்புகளை முதலில் பாருங்கள். அவை சென்று சேரும் உயிரினங்கள் ஓர் உணவை இழந்திருக்கின்றன. அவற்றுள் எதற்கு வேறு அம்புகளும் வந்து சேர்கின்றனவோ அது சமாளிக்கும், எதற்கு அந்த ஓர் அம்பு மட்டுமே இருந்ததோ அது மெலியும். அடுத்ததாக, நீக்கிய இனத்துக்குள் வந்துகொண்டிருந்த அம்புகளைப் பாருங்கள்; அவை புறப்படும் உயிரினங்கள் ஒரு பகைவனிடமிருந்து விடுபட்டவை, ஆகவே பெருகும். பெருகியவை தங்கள் உணவை முன்பைவிட மிகுதியாக உண்ணும் என்பதால், அந்த உணவு குறையும். இப்படி ஒவ்வொரு படியிலும் கூடுதல், குறைதல் என்று மாறி மாறிச் சென்று வலையின் ஓரம் வரை போய்விடலாம்.

இந்த முறையில் தவறில்லை, நானும் இப்படியே தொடங்குகிறேன். ஆனால் இதை மட்டும் நம்பினால் எங்கே இடறுவோம் என்பதைக் காட்ட ஒரு கடற்கரைப் பாறைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். நேரம் முழுவதையும் இதற்கே கொடுக்கவும் நான் தயங்க மாட்டேன், ஏனெனில் வலையிலிருந்து ஓர் இனத்தைக் கையால் எடுத்துவிட்டு விளைவை ஆண்டுக்கணக்கில் பார்த்திருந்த முதல் சோதனைகளுள் இதுவும் ஒன்று.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரையில் முக்கா விரிகுடா என்னும் இடம் இருக்கிறது. 1963 ஜூன் மாதம் ராபர்ட் பெயின் என்ற சூழலியலாளர் அங்கே ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட பாறைப் பரப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்த நட்சத்திர மீன்களை எல்லாம் அகற்றினார். மீண்டும் வந்தவற்றையும் தொடர்ந்து அகற்றி வந்தார். பக்கத்திலேயே அதே போன்ற ஒரு பரப்பைத் தொடாமல் விட்டுவைத்தார். பிற்காலத்தில் எந்த மாற்றத்தைக் கண்டாலும் அது நட்சத்திர மீன் இல்லாததால் வந்ததா, அன்றிக் கடல் அந்த ஆண்டில் அப்படி இருந்ததா என்று பிரித்தறிய அந்தத் தொடாத பரப்பு வேண்டியிருந்தது.

அந்தப் பாறையின் உணவு வலையை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். உச்சியில் நட்சத்திர மீன். அதற்குள் வரும் அம்புகள் பல: பாறையோடு கொத்தாக ஒட்டி வளரும் சிப்பிகளிலிருந்து ஒன்று, கொட்டலசுகளிலிருந்து ஒன்று, அதாவது கப்பலின் அடியிலும் பாறைகளிலும் சுண்ணாம்புக் கூம்புகளைப் போல ஒட்டியிருக்கும் சிறு உயிர்களிலிருந்து, தொப்பி போன்ற ஓடுள்ள நத்தைகளிலிருந்து ஒன்று, எட்டுத் தகடுகளை முதுகில் சுமந்து பாறையில் படிந்து நகரும் கைட்டன்களிலிருந்து ஒன்று. நடுவில் ஒரு வேட்டை நத்தையும் உண்டு. அது சிப்பியையும் கொட்டலசையும் உண்ணும், நட்சத்திர மீன் அதையும் உண்ணும். தொப்பி நத்தைகளும் கைட்டன்களும் பாறையில் படர்ந்த பாசிகளை மேயும்.

இப்போது நாம் கற்ற முறைப்படி நட்சத்திர மீனை நீக்கிப் பார்ப்போம். அதை உண்டு வாழ்வது இந்தப் படத்தில் எதுவும் இல்லை, ஆகவே உணவை இழந்தவர் யாரும் இல்லை. சிப்பி, கொட்டலசு, தொப்பி நத்தை, கைட்டன், வேட்டை நத்தை ஆகிய அனைத்தும் பகைவனிடமிருந்து விடுபட்டுவிட்டன. மேயும் உயிர்கள் பெருகுவதால் பாசி குறையும் என்பதைத் தவிர, மற்ற யாவும் பெருகும் என்றே படம் சொல்கிறது. தேர்வுத்தாளில் இப்படி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

பாறையில் நிகழ்ந்தது வேறு. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் இருந்த இடத்தில் 60 முதல் 80 சதவீதத்தைக் கொட்டலசுகள் பிடித்துக்கொண்டன. அதுவரை நம் கணிப்பு பலித்ததாகவே தோன்றும். முதல் சில மாதங்களோடு பார்வையை முடித்துக்கொண்டால் அந்தத் தோற்றத்தையே முடிவாக எழுதிவிடுவோம். ஆனால் 1964 ஜூன் மாதத்தில், வேகமாக வளர்ந்த இளஞ்சிப்பிகளும் காம்புடைய மற்றொரு வகைக் கொட்டலசும் அந்த முதல் கொட்டலசுகளையே நெருக்கி வெளியேற்றிக்கொண்டிருந்தன. சிப்பிகள் மெல்ல மெல்லப் பாறையை மூடின. பாசிகள் பெரும்பாலும் மறையத் தொடங்கின. பெருகியிருக்க வேண்டிய கைட்டன்களும் பெரிய தொப்பி நத்தைகளும் இடமும் மேய்ச்சலும் இன்றி அகன்றன. 1966இல் பெயின் தம் கட்டுரையை வெளியிட்டபோது, 15 இனங்களாக இருந்தது 8 இனங்களாகக் குறைந்திருந்தது. தொடாத பரப்பில் அத்தகைய மாற்றம் இல்லை.

பகைவன் போனபின் இரை ஏன் அழிய வேண்டும்? இந்த வினாவோடு சற்றுத் தங்கியிருங்கள், நேயர்களே. உணவு வலைப் படத்தில் சிப்பிக்கும் கொட்டலசுக்கும் இடையே அம்பு கிடையாது, ஏனெனில் ஒன்றை ஒன்று உண்பதில்லை. சிப்பிக்கும் கைட்டனுக்கும் இடையிலும் இல்லை. ஆயினும் அவை அனைத்திற்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு: ஒட்டிக்கொள்ளவும் மேயவும் வெறும் பாறை வேண்டும். அதைப் பிடிப்பதில் சிப்பியை மிஞ்சுவது அங்கே எதுவும் இல்லை. நட்சத்திர மீன் செய்துகொண்டிருந்த பெரும்பணி, சிப்பியை உண்டு அவ்வப்போது பாறையைக் காலியாக்கியது. மற்றவை அந்தக் காலி இடங்களில் வாழ்ந்தன. நட்சத்திர மீன் கைட்டனையும் உண்டது உண்மைதான். ஆனால் உண்டதால் விளைந்த இழப்பைவிட, சிப்பியைத் தடுத்ததால் கைட்டனுக்குக் கிடைத்த நன்மை பெரிது. அம்பு உணவைச் சொல்கிறது, இடத்தைச் சொல்வதில்லை என்று என் வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், இங்கும் சொல்கிறேன்.

இதற்கு என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான சான்று அந்தப் பாறையிலேயே இருந்த ஒரு சிறு சங்கிலி. அங்கே ஒரு கடற்பஞ்சும், அதை உண்டு வாழும் ஓடற்ற கடல் நத்தையும் இருந்தன. நட்சத்திர மீன் கடற்பஞ்சையும் உண்பதில்லை, அந்த நத்தையையும் உண்பதில்லை. படத்தில் நட்சத்திர மீனின் மீது விரலை வைத்து எந்த அம்பைப் பிடித்துச் சென்றாலும் அவற்றிடம் போய்ச் சேர முடியாது. ஆயினும் நட்சத்திர மீன் போனபின் அவையும் போயின. சிப்பி முன்னேறியது, கடற்பஞ்சு இடத்தை இழந்தது, கடற்பஞ்சை இழந்த நத்தையும் நீங்கியது. ஆகவே, தொடர்பே இல்லாத இனம் பாதிக்கப்படாது என்று விடையெழுதும் மாணவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, அவை வாழ்வதற்கு எந்த இடத்தைப் பகிர்கின்றன என்பதுதான்.

அம்பின் தடிமன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெயின் தம் படத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு அளவுகளைக் கொடுத்தார்: உண்ட உயிர்களின் எண்ணிக்கையில் அந்த இரைக்கு எவ்வளவு பங்கு, கிடைத்த ஆற்றலில் எவ்வளவு பங்கு. கொட்டலசுகள் சிறியவை என்பதால் எண்ணிக்கையில் அவை மிகுதி, ஆற்றலில் அவற்றின் பங்கு சொற்பம். ஆக, எதை எண்ணினோம் என்பதைப் பொறுத்தே எது முதன்மையான உணவு என்ற விடை மாறிவிடுகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, இவ்விரு அளவுகளும் நட்சத்திர மீனுக்குக் கிடைத்ததைக் கூறுபவை என்பது. இரையின் கூட்டத்தை அது எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்பது வேறொரு அளவு, அதை வயிற்றைத் திறந்து பார்த்து அறிய முடியாது. நீக்கிப் பார்த்தே அறிய முடியும்.

இந்த இடத்தில் வேட்டை நத்தையை நினைவுகூருங்கள். அது சிப்பியை உண்பது, நட்சத்திர மீனால் உண்ணப்படுவது. நட்சத்திர மீன் போனால் நத்தை பெருகும், பெருகிய நத்தை சிப்பியைத் தடுத்துவிடும், ஆகவே நிலைமை சமன்படும் என்று படத்தை வைத்து ஒருவர் வாதிடலாம், நியாயமான வாதம்தான். நத்தைகள் பெருகவும் செய்தன. ஆயினும் சிப்பியின் முன்னேற்றம் நிற்கவில்லை. இரு பாதைகள் எதிரெதிர் விளைவைச் சொல்லும்போது எது வெல்லும் என்பதை அம்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு தீர்மானிக்க முடியாது, ஒவ்வோர் அம்பின் வலிமை தெரிந்தாக வேண்டும்.

எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முடியும் தறுவாயில் இருப்பதால், விரிவாகப் பேச எண்ணியிருந்த இரண்டு செய்திகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒன்று, நீக்கிய இனத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று படம் எண்ண வைக்கும். ஆனால் நட்சத்திர மீன் இல்லாத காலத்தில் சில சிப்பிகள் அதனால் உண்ண முடியாத அளவுக்குப் பெரியவையாகிவிடுகின்றன. வேட்டையாடி திரும்பி வந்த பின்னும் அவை பாறையை விடுவதில்லை. மற்றொன்று, இதே நட்சத்திர மீனும் இதே சிப்பியும் உள்ள ஆரிகன் கரையில் புரூஸ் மெங்கேயும் உடன் ஆய்ந்தவர்களும் 1994இல் வெளியிட்ட முடிவு. அலை வேகமாக மோதும் முனைகளில் நட்சத்திர மீனின் பிடி வலுவாக இருந்தது. அலை அடங்கிய இடங்களில் அது வலுவிழந்திருந்தது. அவ்விரு இடங்களுக்கும் உணவு வலையை வரைந்தால் அம்புகள் ஒன்றாகவே இருக்கும். ஆகவே ஓர் இடத்தில் கண்ட விடையை அடுத்த பாறைக்கு எடுத்துச் செல்லுமுன், அங்கே அலை எப்படி மோதுகிறது, இளஞ்சிப்பிகள் எவ்வளவு வந்து ஒட்டுகின்றன என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றி, வணக்கம்.